மூன்று கடை, ஒரே ஜிஎஸ்டி எண்: பில் நம்பரை எப்படி வைப்பது?

கேள்வி: ஏற்காட்டில் காபித்தூள், மிளகுக் கடை வைத்திருக்கிறோம். சேலம் ஐந்து ரோட்டிலும் ஆத்தூரிலும் கிளை உண்டு. மூன்றுக்கும் ஒரே ஜிஎஸ்டி எண். இதுவரை கடைக்கொரு பில் புத்தகம், எல்லாமே 1-இல் தொடங்கும். இப்போது பில்லிங் சாப்ட்வேர் வாங்கப் போகிறோம். மூன்று கடைக்கும் சேர்த்து ஒரே வரிசையாக, வருடா வருடம் விட்டுப்போகாமல் ஓடும்படி நம்பர் வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், ஆனால் வேண்டாம். சட்டம் அதைக் கேட்கவே இல்லை. ஜிஎஸ்டி விதி 46 சொல்வது இவ்வளவுதான்: நம்பர் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், ஒரு நிதியாண்டுக்குள் ஒரே நம்பர் இரண்டு முறை வரக்கூடாது, 16 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. எழுத்து, எண், சிறு கோடு, சாய்கோடு தவிர வேறு குறி கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட வரிசை வைத்துக்கொள்ள அதே விதி இடம் தருகிறது.

உங்கள் பழைய முறையில்தான் சிக்கல். மூன்று கடையிலும் 1-ஆம் நம்பர் பில் இருந்தால், ஒரே ஜிஎஸ்டி எண்ணின் கீழ் ஒரே ஆண்டில் மூன்று பில்லுக்கு ஒரே நம்பர்.

அதற்காக மூன்றையும் ஒரே வரிசையில் கட்டிப்போட்டால் வேறு தலைவலி. மலையில் மழைக்கு நெட் போனால், அடுத்த நம்பர் எது என்று ஏற்காட்டுக் கடைக்குத் தெரியாது. கீழே சேலத்தில் பில் போட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒன்று, வாடிக்கையாளர் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் நம்பர் இரட்டிக்கும். எனவே கடைக்கு ஒரு வரிசை, முன்னால் கடையின் குறி, நடுவில் ஆண்டு:

```
YC/26-27/00001
FR/26-27/00001
AT/26-27/00001
```

எண்ணிப் பாருங்கள், 14 எழுத்து. ஆசையாக `YERCAUD/2026-27/00001` என்று வைத்தால் 21 ஆகிவிடும், செல்லாது. ஐந்து இலக்கம் போதுமா என்பதையும் கணக்குப் போடுங்கள். நாளுக்கு 200 பில் என்றால் வருடத்துக்கு 73,000, தாங்கும். 300 என்றால் ஒரு லட்சத்தைத் தாண்டும், ஆறு இலக்கம் வேண்டும். அப்போதும் 15 எழுத்துதான். முன்னால் உள்ள சுழியங்களை விட்டுவிடாதீர்கள். இல்லாவிட்டால் வரிசைப்படுத்தும்போது 2-க்கு முன்னால் 10 வந்து உட்காரும். வெறும் `5-26` மாதிரி நம்பர் வைத்தால் எக்செல் அதைத் தேதியாக மாற்றிவிடும், ஆடிட்டர் உங்களைத் திட்டுவார்.

ஏப்ரல் 1 அன்று ஆண்டுக் குறியை மாற்றி மறுபடி 00001-இல் தொடங்குங்கள். பழைய எண்ணையே தொடர்ந்தாலும் தவறில்லை. ஆனால் ஆண்டு நம்பரிலேயே தெரிந்தால் பழைய பில்லைத் தேடுவது சுலபம்.

கரண்ட் போகும் நாளுக்குக் கையால் எழுதும் புத்தகம் வைப்பீர்கள் அல்லவா? அதற்கும் `YM/26-27/` என்று தனி வரிசை, அச்சிட்ட நம்பரோடு. அந்த விற்பனையைக் கணக்கில் ஏற்றும்போது அதே நம்பரில் ஏற்றுங்கள். கரண்ட் வந்ததும் `YC`-யில் புதிதாக இன்னொரு பில் போட்டால் ஒரே விற்பனை இரண்டு முறை ஏறிவிடும்.

வரிசை அறுபடுவது பெரும்பாலும் பில்லை அழிப்பதால்தான். ஜிஎஸ்டிஆர்-1-இல் 13-ஆம் அட்டவணை, எந்த நம்பரிலிருந்து எந்த நம்பர் வரை, மொத்தம் எத்தனை, கேன்சல் எத்தனை என்று வரிசைவாரியாகக் கேட்கும். ஜூலையில் ஏற்காட்டில் 00412 முதல் 00938 வரை போட்டீர்கள் என்று வையுங்கள். மொத்தம் 527. அதில் 4 கேன்சல் என்றால் நிகரம் 523. சாப்ட்வேரில் கேன்சலையும் சேர்த்து 525 பில்தான் இருக்கிறது என்றால், யாரோ இரண்டை அழித்திருக்கிறார்கள். அந்த இரண்டுக்கும் பதில் சொல்லவேண்டியது நீங்கள். தவறான பில்லை 'கேன்சல்' என்று குறித்து அப்படியே வையுங்கள், அந்த நம்பரை வேறு ஆளுக்குக் கொடுக்காதீர்கள். விற்று முடிந்து சரக்கு திரும்பி வந்தால் அது கேன்சல் ஆகாது. கிரெடிட் நோட் போட வேண்டும், அதற்கும் தனி வரிசை.

ஏற்காட்டிலிருந்து சேலம் கடைக்கு மூட்டை இறக்குவது விற்பனை இல்லை. ஒரே ஜிஎஸ்டி எண் என்பதால் டெலிவரி சலான் போதும். பில் நம்பரை அதில் செலவழிக்க வேண்டாம். நாளைக்கு பெங்களூரில் கிளை திறந்தால் கதை வேறு: அங்கே தனி ஜிஎஸ்டி எண், அனுப்பும் சரக்குக்கு வரியோடு பில்.

சாப்ட்வேருக்குப் பணம் கட்டும் முன் டெமோவிலேயே மூன்று பில் போட்டு, நடுவில் உள்ளதைக் கேன்சல் செய்து, நான்காவதைப் போடச் சொல்லுங்கள். நான்காவது பில்லுக்கு 00002 வந்தாலும் சரி, கேன்சல் செய்தது பட்டியலிலேயே காணாமல் போனாலும் சரி, அதை வாங்காதீர்கள். பில்லை அழிக்கும் பொத்தானைக் கவுண்டரில் இருப்பவருக்கு மறைக்க முடியுமா என்றும் கேட்டுவிடுங்கள்.