கேம் சத்தம் டிவியில், கூட்டாளிகளின் பேச்சு போனில்

கேள்வி: PS5-இல் கேம் சத்தம் டிவி ஸ்பீக்கரில் வரவேண்டும், பார்ட்டி பேச்சு மட்டும் போனில் கேட்கவேண்டும். எப்படி?

தம்பி, கன்சோலில் பார்ட்டிக்குள் இருந்தால் முதலில் வெளியேறுங்கள். பிறகு போனில் PS App-ஐத் திறந்து, அதே கணக்கில் அந்தக் குழுவின் குரல் அரட்டையில் சேருங்கள். கன்ட்ரோலரில் ஹெட்செட் செருகியிருந்தால் கழற்றுங்கள், இல்லாவிட்டால் கேம் சத்தம் அதற்குள் போய்விடும்.

தொல்லை தருவது மைக்தான். கல்லடியில் எங்கள் வீட்டில் போனை ஸ்பீக்கரில் போட்டு டிவிக்கு முன்னால் வைத்திருந்தேன். அக்கரைப்பற்றிலிருந்த கூட்டாளிக்கு என் குரலைவிட என் டிவியின் வெடிச்சத்தம்தான் கேட்டது. போன் தன் ஸ்பீக்கரில் வரும் ஒலியை அடையாளம் கண்டு எதிரொலியைக் குறைக்கும். டிவியின் ஒலி அதற்குத் தெரியாது, அதையும் சேர்த்தே அனுப்பிவிடும்.

மைக் உள்ள வயர் இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டி, மைக்கை வாய்க்கருகே வைத்தேன். டிவி சத்தத்தையும் கொஞ்சம் குறைத்தேன். அப்புறம் அவன் குறை சொல்லவில்லை.