‘கலகலப்பு’ என்ற சொல்லும் நான்கால் வகுக்கும் தவறும்

கேள்வி: ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் சொல்லிலிருந்து சில எழுத்துகளை மட்டும் எடுத்து அடுக்கச் சொன்னால், வரிசை மாற்றம் போடுவதா சேர்மானம் போடுவதா என்று குழம்புகிறேன். முழுச் சொல்லையும் அடுக்கும்போது சரியாக வரும் சூத்திரம் இங்கே தப்பான விடை தருகிறது. ஏன்?

நீங்கள் சொல்லும் வகைக் கணக்கில் இரண்டுமே வேண்டும்: எந்த எழுத்துகளை எடுப்பது என்பதற்குச் சேர்மானம், எடுத்தவற்றை எத்தனை விதமாக அடுக்கலாம் என்பதற்கு வரிசை மாற்றம். எழுத்துகள் எல்லாம் வெவ்வேறாக இருக்கும்போது nPr என்ற ஒரே சூத்திரம் இந்த இரண்டு வேலைகளையும் சேர்த்துச் செய்துவிடுவதால், அவை இரண்டு வேலைகள் என்பதே நம் கண்ணில் படுவதில்லை. எழுத்து திரும்ப வரும்போதுதான் அவற்றைப் பிரித்துச் செய்தாக வேண்டியிருக்கிறது.

‘கலகலப்பு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். இதில் க, ல, க, ல, ப், பு என ஆறு எழுத்துகள் உள்ளன. க இரண்டு, ல இரண்டு, ப் ஒன்று, பு ஒன்று. (ப், பு இரண்டும் வெவ்வேறு எழுத்துகள். ‘ப்’ சொல்லுக்கு முதலில் வராது என்ற இலக்கண விதியை இங்கே ஒதுக்கிவைத்து, எந்த அடுக்கையும் ஒரு சொல்லாகவே எண்ணுவோம்.)

ஆறு எழுத்துகளையும் அடுக்குவது எளிது. ஒரு க-வைச் சிவப்பு மையிலும் மற்றதை நீல மையிலும், அதேபோல் ஒரு ல-வைச் சிவப்பிலும் மற்றதை நீலத்திலும் எழுதினால், ஆறும் வெவ்வேறாகி 6! = 720 அடுக்குகள் கிடைக்கும். நிறத்தை மறந்துவிட்டுப் பார்த்தால், ஒவ்வொரு சொல்லும் இந்த 720-இல் நான்கு முறை வந்திருக்கும். ஏனென்றால் இரண்டு க-க்களை இடம் மாற்றினாலும், இரண்டு ல-க்களை இடம் மாற்றினாலும், இரண்டு மாற்றங்களையும் சேர்த்துச் செய்தாலும் சொல் மாறுவதில்லை. ஆகவே விடை 720/(2!×2!) = 180.

இப்போது இதே சொல்லிலிருந்து நான்கு எழுத்துகளை மட்டும் எடுத்து எத்தனை சொற்கள் அமைக்கலாம் என்று கேட்டால், 6P4 = 6×5×4×3 = 360, அதை முன்போலவே நான்கால் வகுத்தால் 90 என்று எழுதத் தோன்றும். பள்ளியில் படித்தபோது நானும் இப்படித்தான் எழுதினேன். மீதமின்றி வகுபட்டதால் சந்தேகமே வரவில்லை. சரியான விடை 102.

விடுபட்ட 12 சொற்கள் எங்கே போயின என்று தேடுவதில்தான் உங்கள் ‘ஏன்?’ என்பதற்கான பதில் இருக்கிறது. நிறம் பூசிய 360 அடுக்குகளில் ‘கலப்பு’ என்ற சொல் எத்தனை முறை வருகிறது? க சிவப்பாகவோ நீலமாகவோ இருக்கலாம், ல-வும் அப்படியே. ஆகவே நான்கு முறை. ‘கலகல’ என்பதும் நான்கு முறைதான். ஆனால் ‘ககப்பு’ என்பதைப் பாருங்கள். இரண்டு க-க்களையும் இடம் மாற்றினால் இரண்டு முறை வரும், அவ்வளவுதான். ல-க்கள் இரண்டும் வெளியிலேயே நின்றுவிட்டதால், அவற்றின் நிறத்தை மாற்றி இந்தச் சொல்லை மறுபடி எண்ண வழியில்லை. க, க, ப், பு ஆகியவற்றால் ஆன 12 சொற்களும், ல, ல, ப், பு ஆகியவற்றால் ஆன 12 சொற்களும் இரண்டு முறை மட்டுமே எண்ணப்பட்டிருக்க, அவற்றையும் நான்கால் வகுத்ததால் 24 என்பது 12 ஆகச் சுருங்கிவிட்டது.

எனவே வகுப்பதற்கு முன் எடுத்த எழுத்துகளின் அமைப்பைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நான்கும் வெவ்வேறாக இருந்தால், க, ல, ப், பு என்ற ஒரே தேர்வுதான் உண்டு, அதை 4! = 24 விதமாக அடுக்கலாம். ஒரு சோடியும் இரண்டு தனி எழுத்துகளும் என்றால், சோடி க-வா ல-வா என்பதற்கு இரண்டு வழிகள், மீதமுள்ள மூன்று வகை எழுத்துகளிலிருந்து இரண்டை எடுக்க 3C2 = 3 வழிகள்; ஆக 6 தேர்வுகள், ஒவ்வொன்றுக்கும் 4!/2! = 12 அடுக்குகள், மொத்தம் 72. இரண்டும் சோடிகள் என்றால் க, க, ல, ல என்ற ஒரே தேர்வு, அதற்கு 4!/(2!×2!) = 6 அடுக்குகள். இந்தக் கடைசிக் கணக்கு மிகப் பழையது: 2, 2, 1, 1 என்ற இலக்கங்களால் எத்தனை எண்கள் அமையும் என்று 1150-இல் இரண்டாம் பாஸ்கரர் லீலாவதியில் கேட்டிருப்பதும் இதேதான். கூட்டினால் 24 + 72 + 6 = 102.

வரிசை வேண்டாம், எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்று கேள்வி இருந்தால், மேலே வந்த தேர்வுகளை மட்டும் கூட்ட வேண்டும்: 1 + 6 + 1 = 8. இங்கே 6C4 = 15 என்று எழுதுவது தவறு; அது நிறம் பூசிய எழுத்துகளுக்கான எண்ணிக்கை. ஆனாலும் அந்த 15 சரிபார்க்க உதவும். நிறத்தோடு பார்த்தால் முதல் வகைத் தேர்வு நான்காக விரியும், இரண்டாம் வகையின் ஆறு தேர்வுகள் பத்தாக விரியும், கடைசி ஒன்றாகவே நிற்கும். 4 + 10 + 1 = 15 என்று வந்தால் எந்த வகையும் விடுபடவில்லை என்று நம்பலாம்.

ஐந்து எழுத்துகளை எடுக்கச் சொன்னால், 6P5-ஐ நான்கால் வகுத்துக் கிடைக்கும் 180 சரியான விடையாகவே அமையும். ஒரே ஓர் எழுத்துதான் வெளியே நிற்கிறது, ஆகவே ஒரு சோடி முழுவதும் விடுபட வாய்ப்பில்லை. தவறான முறை இப்படிச் சில கணக்குகளில் தப்பிவிடுவதால்தான் அது மாணவர்கள் மனத்தில் நிலைத்துவிடுகிறது என்பது என் எண்ணம். ஒரே எழுத்தின் இரண்டு பிரதிகளாவது வெளியே நிற்க முடியும் என்றால் வகுத்தல் முறையைக் கைவிட்டுவிடுங்கள்.

சொல் நீண்டு வகைகள் பெருகினால், திரும்ப வரும் ஒவ்வோர் எழுத்துக்கும் 1 + x + x²/2!, தனி எழுத்துக்கு 1 + x என்று எழுதி எல்லாவற்றையும் பெருக்கலாம். நம் சொல்லுக்கு இந்தப் பெருக்கலில் x⁴-இன் கெழு 17/4, அதை 4!-ஆல் பெருக்கினால் அதே 102. மூன்று முறை வரும் எழுத்துக்கு x³/3! என்ற உறுப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பைத்தானில் சரிபார்ப்பவர்கள் எழுத்துகளைப் பட்டியலாகத் தர வேண்டும்:

```python
from itertools import permutations
e = ["க", "ல", "க", "ல", "ப்", "பு"]
print(len(set(permutations(e, 4))))
```

இது 102 என்று காட்டும். பட்டியலுக்குப் பதிலாகச் சொல்லையே நேரடியாகக் கொடுத்தால், கணினி புள்ளியையும் உகரக் குறியையும் தனித்தனியாக எண்ணி ஆறு எழுத்துச் சொல்லை எட்டாக எடுத்துக்கொள்ளும். அப்போது வரும் எண்ணுக்கும் நம் கணக்குக்கும் தொடர்பிருக்காது.