ஆறு நாள் விட்டுப் போட்டால் அதுவும் முதல் மாத்திரைதான்

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது, நன்னிலம் பக்கம் விவசாயம். பிரஷருக்குக் காலையில் டெல்மிசார்டன் 40, ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 சேர்ந்த மாத்திரை. புராஸ்டேட்டுக்கும் பிரஷருக்கும் சேர்த்து என்று இரவில் டாக்ஸாசோசின் 4 மி.கி., மூன்று மாதமாக. தங்கை வளைகாப்புக்குச் சென்னை போனபோது இரவு மாத்திரை அட்டையை மட்டும் மறந்துவிட்டார். ஆறு நாள் கழித்து பகல் பஸ்ஸில் திரும்பிய அன்று ஒன்பதரைக்கு அதைப் போட்டார். ஒரு மணிக்குக் கொல்லைக்குப் போனவர் மயங்கி விழுந்துவிட்டார். பழகிய மாத்திரை இப்படிச் செய்யுமா? மறுபடி கொடுக்கலாமா?

பதில்: செய்யும். உடம்பு அந்த மாத்திரைக்குப் பழகியிருந்தது உண்மைதான், ஆனால் அந்தப் பழக்கம் ஆறு நாளில் போய்விட்டது. டாக்ஸாசோசினின் பாதி அளவு உடம்பை விட்டு வெளியேற ஏறக்குறைய 22 மணி நேரம் ஆகும். அப்படியானால் ஆறாம் நாள் மருந்து இருந்த சுவடே இருக்காது. அன்றிரவு அவர் போட்டது மூன்று மாதத்தின் தொடர்ச்சி அல்ல, புதிதாக ஒரு முதல் மாத்திரை. முதல் மாத்திரை 1 மி.கி.யாக இருக்க வேண்டும். அவர் போட்டது அதைப்போல் நான்கு மடங்கு.

புராஸ்டேட்டிலும் மூத்திரப்பையின் வாய்ப்பகுதியிலும் உள்ள தசையை இறுக்கிப் பிடிப்பவை ஆல்பா-1 ஏற்பிகள். மருந்து அவற்றை அடைத்தால் பிடி தளர்ந்து சிறுநீர் எளிதாகப் போகும். அதே ஏற்பிகள் ரத்தக்குழாய்ச் சுவர்களிலும் இருக்கின்றன. படுத்திருப்பவர் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கும். ஆரோக்கியமான உடம்பு சில நொடியில் குழாய்களை இறுக்கி அதை மேலே தள்ளிவிடும். இறுக்கும் கையை மருந்து கட்டிப்போட்டிருந்தால் ரத்தம் கீழேயே தேங்கும், மூளைக்குப் போதாது, ஆள் சரிந்துவிடுவார். நாளாக நாளாக உடம்பு கொஞ்சம் உப்பையும் நீரையும் தக்கவைத்து ஈடுகட்டிக்கொள்ளும். அதனால்தான் இந்த ஆபத்து முதல் மாத்திரையிலும் அளவைக் கூட்டும்போதும்தான் அதிகம்.

உங்கள் அப்பா விஷயத்தில் இதோடு வேறு சிலவும் சேர்ந்துகொண்டன. ஹைட்ரோகுளோரோதயசைடு நீரை வெளியேற்றும் மாத்திரை. பஸ் பயணத்தில் நடுவில் சிறுநீர் வந்தால் சிரமம் என்று புராஸ்டேட் உள்ளவர்கள் தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அவரும் அப்படித்தான் வந்திருப்பார், கேட்டுப் பாருங்கள். நேரமும் பொருந்துகிறது: டாக்ஸாசோசின் போட்ட 2 முதல் 6 மணி நேரத்துக்குள்தான் நிற்கும்போது பிரஷர் அதிகம் விழும். ஒன்பதரைக்குப் போட்டது ஒரு மணிக்குச் சரியாக அந்த நேரத்தில் வந்து நின்றிருக்கிறது. போதாததற்குத் தூக்கத்திலிருந்து சட்டென எழுந்து நின்றுகொண்டு சிறுநீர் கழிப்பது மருந்தே இல்லாதவரையும் சில நேரம் மயக்கும்.

மறுபடி கொடுக்கலாமா என்பதற்கு: 4 மி.கி.யைக் கொடுக்காதீர்கள். மருத்துவரிடம் 'ஆறு நாள் விட்டுப்போச்சு, திரும்பப் போட்ட ராத்திரி விழுந்துட்டார்' என்று இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'மயக்கம் வந்தது' என்று மட்டும் சொன்னால் தலைக்கு ஸ்கேன், கழுத்து எலும்பு என்று வேறு பக்கம் தேடல் போய்விடும். இதே மருந்தைத் தொடர அவர் முடிவு செய்தால் படுக்கப் போகும்போது 1 மி.கி., ஒன்று அல்லது இரண்டு வாரம் கழித்து 2, பிறகு 4 என்று ஏறுவதுதான் முறை. ஆரம்ப நாட்களில் நீர் மாத்திரையைக் குறைப்பதா நிறுத்துவதா என்பதையும் அவரே சொல்லட்டும். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அதற்கு முன் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள், வீட்டில் பிரஷர் மெஷின் இருந்தால் நீங்களே செய்யலாம். ஐந்து நிமிடம் படுக்கவைத்துப் பாருங்கள். எழுந்து நிற்கச் செய்து ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்று நிமிடத்தில் ஒருமுறை பாருங்கள். படுத்தபோது 148/86, நின்ற பிறகு 122/78 என்று வந்தால் மேல் எண்ணில் 26 விழுந்திருக்கிறது. மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 விழுந்தாலே அது நிற்கும்போது பிரஷர் குறைகிற கோளாறு. நாற்காலியில் உட்காரவைத்து மட்டும் பார்த்தால் 140 என்று நல்லபடியாகக் காட்டி ஏமாற்றிவிடும். மருந்தைத் திரும்பத் தொடங்கிய பிறகும், அளவு கூடும் ஒவ்வொரு முறையும், மறுநாள் காலை எழுந்ததும் இதைச் செய்யுங்கள்.

தொடங்கும் இரவுகளில் கட்டிலுக்கு அருகே யூரின் கேன் வையுங்கள். கொல்லைக்கு நடக்க வேண்டிய தேவையே இருக்கக் கூடாது. கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் ஆட்டிவிட்டு, உட்கார்ந்தபடியே கழிக்கட்டும். கண் இருட்டினால் சுவரைப் பிடித்துச் சமாளிக்கப் பார்க்காமல் அங்கேயே தரையில் படுத்துவிட வேண்டும். விழுந்தவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைப்பது நம் வீடுகளில் வழக்கம். அதுதான் தவறு, மூளைக்கு ரத்தம் வருவது இன்னும் தாமதமாகும். படுக்கவைத்துக் கால்களுக்கு அடியில் இரண்டு தலையணை வையுங்கள். நினைவு தெளியும்வரை வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஓரிரு நிமிடத்தில் தெளியாவிட்டாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ, நெஞ்சு வலி, கை கால் இழுப்பு, பேச்சுக் குழறல் இருந்தாலோ, படுத்திருக்கும்போதே மயங்கினாலோ, அதை மாத்திரை மேல் போட்டுவிட்டுக் காத்திருக்காமல் 108க்கு அழையுங்கள். அன்று விழுந்ததில் தலையில் அடிபட்டு, இப்போது தலைவலி, வாந்தி, மந்தம் ஏதாவது இருந்தாலும் இன்றே காட்டுங்கள், ரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவரானால் ஒரு அறிகுறியும் இல்லாவிட்டாலும் காட்டுங்கள்.

இனி ஒரு வேளை மட்டும் மறந்தால் விட்டுவிட்டு மறுநாள் வழக்கமான அளவைப் போடலாம், இரட்டையாக வேண்டாம். பல நாள் விட்டுப்போனால் போன் செய்து கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

இன்னொன்றையும் மருத்துவரிடம் பேசிப் பாருங்கள். ஒரே மாத்திரையில் இரண்டு வேலை என்பது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பிரஷர் பக்கம் அந்தக் கணக்கு அவ்வளவு சரியில்லை. அமெரிக்காவில் நடந்த ஆல்ஹாட் என்ற பெரிய ஆய்வில் டாக்ஸாசோசின் பிரிவை 2000-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். குளோர்தாலிடோன் என்ற நீர் மாத்திரை எடுத்தவர்களைவிட அந்தப் பிரிவில் இதயச் செயலிழப்பு ஏறக்குறைய இரு மடங்கு வந்ததுதான் முக்கியக் காரணம். அதனால் பிரஷரை அதற்கான மாத்திரைகளிடமே விட்டுவிட்டு, புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் 0.4 மி.கி. போன்ற, ரத்தக்குழாயைக் குறைவாகத் தொடும் மருந்துக்கு மாறுவது உங்கள் அப்பா போன்றவருக்கு எங்கள் முதல் தேர்வு. தினமும் ஒரே வேளைச் சாப்பாட்டுக்கு அரை மணி கழித்து, காப்ஸ்யூலைப் பிரிக்காமல் விழுங்க வேண்டும். அதிலும் மயக்கம் அறவே வராது என்று நினைக்க வேண்டாம், பல நாள் விட்டால் அதற்கும் இதே கதைதான்.

டாக்ஸாசோசின், டாம்சுலோசின் என எந்த ஆல்பா தடுப்பானாக இருந்தாலும் ஆண்மைக்கான சில்டனாஃபில், டாடலாஃபில் மாத்திரையைத் தெரியாமல் சேர்த்தால் பிரஷர் அதலபாதாளத்துக்குப் போகும். மகனிடம் சொல்லக் கூச்சப்படுவார், அதனால் இதை மருத்துவர் தனியாகக் கேட்பது நல்லது. கண்புரை முகாமில் பெயர் கொடுத்திருந்தால் கண் மருத்துவரிடம் இந்தப் புராஸ்டேட் மாத்திரையின் பெயரைக் கட்டாயம் சொல்ல வேண்டும். டாம்சுலோசின் எடுத்தவர்களுக்குக் கண்பாவையைச் சுற்றியுள்ள நிறத்திரை தொளதொளத்து அறுவையின்போது சிக்கல் வரலாம், முன்பே நிறுத்தினாலும் அது போய்விடுவதில்லை. தெரிந்திருந்தால் அவர்கள் தயாராக இருப்பார்கள்.