வறுத்த கடலையில் கூடுதல் கலோரி எங்கிருந்து வந்தது?

பச்சை வேர்க்கடலை பாக்கெட்டில் 100 கிராமுக்கு 567 கலோரி என்றும், எண்ணெயில்லாமல் வறுத்ததில் 590 என்றும் போட்டிருக்கிறது. வறுத்தால் கொழுப்பு கூடுமா? – வாசகர், ஈரோடு

மாதம் ஒருவராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். கூடாது ஐயா. வெறும் சட்டியில் எண்ணெய் எங்கிருந்து வரும்?

பச்சைக் கடலையில் 100 கிராமுக்கு ஆறேழு கிராம் தண்ணீர் இருக்கிறது. வறுக்கும்போது அதில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். வீட்டில் தராசு இருந்தால் நீங்களே பார்க்கலாம். 100 கிராம் பருப்பை அடிகனமான சட்டியில் மிதமான தீயில், தோல் தேய்த்தால் உதிரும் வரை வறுத்து, ஆறவிட்டு நிறுத்துப் பாருங்கள். 95 கிராம் பக்கம் நிற்கும். போட்ட 567 கலோரியும் 49 கிராம் கொழுப்பும் அந்த 95 கிராமுக்குள் அப்படியே இருக்கின்றன. இப்போது பாக்கெட் கணக்குக்காக இன்னும் 5 கிராம் வறுத்த கடலையைச் சேர்த்து 100 ஆக்கினால் கலோரி கூடத்தானே செய்யும்? பாதாம், முந்திரி இரண்டுக்கும் இதே கதைதான். 100 கிராமுக்கு 20 கலோரி ஏறியதாகக் காட்டும், போனது தண்ணீர்.

அதனால் பச்சையாக நிறுத்தால் பச்சைக் கணக்கைப் பாருங்கள், வறுத்து நிறுத்தால் வறுத்த கணக்கை. இரண்டையும் கலந்துவிட்டு எனக்குக் கடிதம் போடாதீர்கள். எண்ணிச் சாப்பிடுகிறவருக்கு இந்தக் குழப்பமே இல்லை: முப்பது பருப்பு வறுத்தாலும் முப்பது பருப்புதான்.

அவித்த கடலையில் கலோரி குறைவு என்று கொண்டாடுவதும் இதே கணக்கின் மறுபக்கம். அது தண்ணீரைக் குடித்துக் கனத்திருக்கிறது, 100 கிராமில் பருப்பே குறைவு.

உப்புக்கடலையில் கலோரி அதிகமா?

உப்புக்குக் கலோரி கிடையாது, கொழுப்பும் கிடையாது. ஒரு கிராம் உப்பில் சுமார் 400 மில்லிகிராம் சோடியம் உண்டு. ரத்த அழுத்தக்காரர்கள் பார்க்க வேண்டியது அதை. அப்புறம், உப்பு இருந்தால் கை நிற்காது. கலோரி ஏறுவது அந்த வழியில்தான்.

எண்ணெயில் வறுத்த முந்திரி எண்ணெயை உறிஞ்சிவிடும் என்கிறார்களே? – வாசகி, கடலூர்

நினைப்பதைவிடக் குறைவாக. உருளைக்கிழங்கு பொரியும்போது நிறையத் தண்ணீர் வெளியேறி அந்த இடத்தில் எண்ணெய் நுழைகிறது. முந்திரியில் வெளியேறவே ஐந்து சதவீதத் தண்ணீர்தான், உள்ளே ஏற்கெனவே பாதிக்குப் பக்கம் கொழுப்பு. அதனால் வெறுமனே வறுத்ததற்கும் எண்ணெயில் வறுத்து வடித்ததற்கும் 100 கிராமுக்குப் பத்துக் கலோரி வித்தியாசம் வந்தால் அதிகம். வேர்க்கடலை, பாதாமிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஆனால் நெய்யில் வறுத்து, சட்டியில் மிஞ்சிய நெய்யையும் சேர்த்து வழித்துப் போட்டால் கணக்கு வேறு. ஒரு டீஸ்பூன் நெய்க்கு 45 கலோரி வைத்துக்கொள்ளுங்கள்.

மசாலாக் கடலையை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அதில் கடலைமாவுக் கரைசல் இருக்கிறது, அதன் தண்ணீர் போகிற இடத்தில் எண்ணெய் தாராளமாக ஏறும்.

பாதாமைப் பச்சையாகத் தின்பதா, வறுத்தா? எது உடம்பில் குறைவாகச் சேரும்?

நல்ல கேள்வி. பாதாமின் கொழுப்பு செல் சுவருக்குள் பூட்டிக் கிடக்கிறது. நாம் மென்று உடைக்காத செல்லின் கொழுப்பு செரிக்காமலே வெளியேறும். அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் ஆட்களுக்குப் பாதாம் கொடுத்து, கழிவில் வெளியேறியதையும் அளந்து 2016-இல் வெளியிட்டார்கள். 28 கிராம் முழுப் பாதாமுக்கு வழக்கமான கணக்கு சுமார் 165 கலோரி. உடம்புக்குக் கிடைத்ததோ பச்சையில் 125 பக்கம், வறுத்ததில் 135 பக்கம். வறுத்த பருப்பு மொறுமொறுவென்று பொடியாக உடைவதால் கொஞ்சம் கூடுதலாகச் சேர்கிறது. விழுதாக அரைத்ததில் 180-ஐத் தாண்டியது. ஆக, வறுப்பதைவிட அரைப்பதுதான் பெரிய மாற்றம். இந்த எண்கள் பாதாமுக்கு மட்டும். முந்திரிக்கு அப்படியே ஒட்டவைக்காதீர்கள்.

தினமும் கொஞ்சம் கடலை சாப்பிடுகிறேன். எடை கூடுமா?

கொஞ்சம் என்றால் எத்தனை கிராம்? பச்சையா வறுத்ததா? நிறுத்துவிட்டு எழுதுங்கள்.

கடையில் பச்சை முந்திரி என்று விற்பது நிஜமாகவே பச்சையா?

இல்லை. முந்திரிக்கொட்டை ஓட்டில் தோலைப் புண்ணாக்கும் எண்ணெய் இருக்கிறது. அதனால் ஓட்டோடு ஆவியில் வேகவைத்தோ வறுத்தோதான் உடைக்கிறார்கள். பிறகு உலர்த்தித் தோல் நீக்குவார்கள். பாக்கெட்டில் ‘பச்சை’ என்றால் அதன் பிறகு வறுக்கவில்லை, உப்பிடவில்லை என்று மட்டும் பொருள்.