எத்தனை பங்கு வாங்கலாம்?

கேள்வி: சந்தூரில் மாங்கன்று நர்சரி வைத்திருக்கிறேன். டிரேடிங் கணக்கில் 80,000 ரூபாய் இருந்தது. 420 ரூபாய் பங்கு ஒன்றை 140 வாங்கி, விலை 416-க்கு இறங்கினால் விற்றுவிடும்படி ஸ்டாப்லாஸ் போட்டேன். போனால் 560 ரூபாய்தானே என்று நினைத்தேன். மறுநாள் கம்பெனியின் ரிசல்ட் வந்து பங்கு 385-ல் திறந்தது. 4,900 ரூபாய் போய்விட்டது. எத்தனை பங்கு வாங்குவது என்று எப்படி முடிவு செய்வது?

பதில்: ஸ்டாப்லாஸ் போட்டது நல்ல பழக்கம். அதைப் போட்ட இடம்தான் சரியில்லை. அந்தப் பங்கு ஒரு நாளில் சாதாரணமாக 10 ரூபாய் ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 4 ரூபாய் தள்ளி வைத்த ஸ்டாப், ரிசல்ட் இல்லாத நாளிலும் உடைந்துவிடும். ஆனால் ஸ்டாப் நெருக்கமாக இருப்பதால் கணக்கில் அபாயம் சின்னதாகத் தெரிகிறது. அந்தத் தைரியத்தில்தான் 58,800 ரூபாயை ஒரே பங்கில் போட்டுவிட்டீர்கள்.

முதலில் சார்ட்டைப் பாருங்கள். சமீபத்தில் விலை எங்கே இறங்கித் திரும்பியதோ, அதற்குச் சற்றுக் கீழே ஸ்டாப் இருக்கட்டும். இங்கே அது 404 என்று வையுங்கள். ஒரு பங்குக்கு 16 ரூபாய் நஷ்டம். எஸ்டிடி என்ற பங்கு வரி, டிமேட் கணக்குக்கான டிபி கட்டணம் எல்லாம் சேர்த்து இன்னொரு ஒன்றரை ரூபாய். ஆக 17.50.

இப்போது கணக்கில் இருப்பது சுமார் 75,000. பழைய 80,000-ஐ வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஒரு டிரேடில் இழக்கத் தயாரான தொகை 1 சதவீதம், அதாவது 750 ரூபாய். உங்கள் அளவுக் கணக்குக்கு அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. 750-ஐ 17.50-ஆல் வகுத்தால் 42.8 வரும். கீழ்நோக்கி முழுமையாக்கி 42 பங்கு. முதலீடு 17,640 ரூபாய்தான். எண்ணிக்கை எப்போதும் கடைசியில்தான் வர வேண்டும். 100 பங்கு வாங்க ஆசைப்பட்டு ஸ்டாப்பை மேலே இழுத்தால், அப்புறம் பழைய கதைதான்.

இன்னொன்று. 404-ல் ஸ்டாப் இருப்பதாலேயே 404-ல் விற்றுவிடும் என்று அர்த்தமில்லை. பங்கு 385-ல் திறந்தால் அந்த விலையை ஒட்டித்தான் விற்கும். இதற்குக் கீழே விற்காதே என்று லிமிட் விலை போட்ட ஆர்டராக இருந்தால், விலை அதற்கும் கீழே போய்விட்டபோது விற்காமலே நின்றுவிடும். சாதாரண ஸ்டாப் ஆர்டர் அன்றைய தினத்தோடு முடிந்துவிடுவதால், பல நாள் வைத்திருக்கும் பங்குக்கு, நாள் கடந்தும் நிற்கும் ஜிடிடி ஆர்டர் போட்டு வையுங்கள். விற்காமல் நிற்கும் சிக்கல் அதிலும் உண்டு.

மாந்தோட்டத்தைப் பூவிலேயே குத்தகைக்குப் பேசும் வியாபாரி, காற்றில் உதிரும் பிஞ்சையும் கணக்கில் வைத்துத்தான் தொகை சொல்வார். அதுபோல 385-ஐயும் முன்கூட்டியே போட்டுப் பாருங்கள். 42 பங்கு இருந்தால் அதே சரிவில் 1,470 ரூபாய் போகும், கணக்கில் சுமார் 2 சதவீதம். நீங்கள் இழந்தது 6 சதவீதம். ரிசல்ட் தேதி நெருங்கினால் பாதியாக 21 பங்கோடு நிறுத்துங்கள், அல்லது ரிசல்ட் வந்த மறுநாள் வாங்குங்கள்.