பில்லின் அடியில் ஒரு வரி: இடையில் கூடும் வேலைக்குக் கணக்கு

"நானும் நண்பரும் வெள்ளவத்தையில் சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். புறக்கோட்டைத் துணி மொத்த வியாபாரி ஒருவருக்குக் கையிருப்பையும் பில்லையும் கவனிக்கும் மென்பொருளை 12 வாரத்தில், 6 இலட்சம் ரூபாவுக்குச் செய்து தர ஒப்புக்கொண்டோம். இப்போது 7ஆவது வாரம். 'சின்ன வேலைதானே தம்பி' என்று வாட்ஸ்அப்பில் ஒன்பது வேலைகள் கூடிவிட்டன. கடைசியாக வந்தது, கடன் வாடிக்கையாளரின் பழைய பாக்கியைப் பில்லின் அடியில் காட்ட வேண்டும் என்பது. மறுத்தால் மனம் கோணுவார், செய்தால் எங்களுக்கு நட்டம். என்ன செய்யலாம்?"

இரண்டு நாளைக்குப் புதிய வேலை எதையும் தொடாதீர்கள். அவர் கேட்டால், "கணக்குப் பார்த்துச் சொல்கிறோம் ஐயா" என்பதே போதுமான பதில். அந்த இரண்டு நாளில், நீங்கள் முதலில் கொடுத்த விலைமதிப்பையும் அதன்பின் சென்ற மின்னஞ்சல்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒன்பது கோரிக்கைகளையும் திகதி, கேட்டவர் பெயர் ஆகியவற்றுடன் ஒரே தாளில் எழுதுங்கள். எழுதும்போதே அவை மூன்றாகப் பிரியும். ஒப்புக்கொண்டது சரியாக வேலை செய்யாமல் இருந்தால் அது உங்கள் பிழை, அதை இலவசமாகவே திருத்த வேண்டும். ஒப்புக்கொண்டதைத் தெளிவாக எழுதாமல் விட்டிருந்தால், உதாரணமாக "எல்லா அறிக்கைகளும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால், அதற்குப் பணம் கேட்பது நியாயமாகாது. எத்தனை அறிக்கைகள் என்பதை இப்போதாவது பெயர் சொல்லி வரையறுத்துக்கொள்ளுங்கள். இவ்விரண்டிலும் சேராதவைதான் புதிய வேலை.

புதிய வேலையின் உண்மையான அளவைப் பெரும்பாலும் நாமே குறைத்து மதிப்பிடுகிறோம். நீங்கள் சொன்ன பழைய பாக்கியையே எடுத்துக்கொள்வோம். அச்சில் ஒரு வரி சேர்க்க ஒரு மணித்தியாலம் போதும். ஆனால் சென்ற மாதத்துப் பில்லை இன்று மறுபடி அச்சிட்டால், அன்றைய பாக்கி வர வேண்டுமா, இன்றைய பாக்கியா? மொத்த வியாபாரத்தில் பின்திகதியிட்ட காசோலைகள் சாதாரணம். அத்தகைய காசோலை கைக்கு வந்தவுடன் பாக்கியைக் கழிப்பதா, வங்கியில் பணமானபின் கழிப்பதா, திரும்பி வந்தால் மீண்டும் கூட்டுவதா? இவற்றுக்கு விடை தெரியாமல் அந்த வரியை அச்சிட்டால், பிழையான தொகை வாடிக்கையாளர் கைக்குப் போய்விடும், பழி உங்கள்மேல் விழும். ஆகவே அச்சுக்கு 1, மறுஅச்சுக்கு 3, காசோலைக் கணக்குக்கு 6, ஏற்கெனவே முடிந்த பகுதிகள் கெடவில்லை என்று சோதிக்க 4 என, இது குறைந்தது 14 மணித்தியால வேலை. இந்தக் கேள்விகளை வியாபாரியிடமே கேளுங்கள். அவற்றைக் கேட்டவுடன் வேலை சின்னதல்ல என்பது அவருக்கே விளங்கிவிடும், நீங்கள் வாதாட வேண்டியதில்லை.

ஒருவர் வாரத்துக்கு 40 மணித்தியாலம் வீதம் 12 வாரம் வேலை செய்வதாக வைத்து நீங்கள் விலை குறித்திருந்தால், 480 மணித்தியாலத்துக்கு 6 இலட்சம், அதாவது மணித்தியாலத்துக்கு 1,250 ரூபா. செய்யாமல் எஞ்சிய புதிய வேலைகள், பாக்கி வரியையும் சேர்த்து, 25 மணித்தியாலம் என்று வைத்தால் 31,250 ரூபாவும், மூன்று நாளுக்குச் சற்று மேல் வருவதால் முழுதாக நான்கு வேலை நாட்களும் கூடும். ஏற்கெனவே செய்து கொடுத்துவிட்டவற்றுக்கு இப்போது பணம் கேட்க வேண்டாம். ஆனால் அவற்றையும் அதே தாளில், எடுத்த நேரத்துடன், "கட்டணமின்றிச் செய்தது" என்று எழுதுங்கள். எழுதாமல் விட்டால் இலவசம் என்பதே வழக்கமாகிவிடும்.

தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். கடையில் சனம் குறைந்த நேரமாகப் பார்த்து நேரில் போங்கள். "ஐயா, இவை எல்லாமே செய்யக்கூடியவைதான். கூடுதல் தொகையும் நான்கு நாளும் தந்தால் இப்போதே செய்கிறோம். அல்லது முதலில் ஒப்புக்கொண்ட பட்டியலில் இருந்து இதே அளவு வேலை ஒன்றை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக இவற்றைச் செய்யலாம். இல்லாவிட்டால், இந்தப் பதிப்பைப் பாவித்துப் பார்த்தபின் இரண்டாம் கட்டமாகச் செய்யலாம்" என்று மூன்று வழிகளையும் வைத்துவிட்டு, தெரிவை அவரிடம் விடுங்கள். என் அனுபவத்தில் பலர் மூன்றாவது வழியையே எடுப்பார்கள், அவசரம் என்று கேட்டவற்றில் பாதி அப்போது தானாகவே உதிர்ந்துவிடும்.

அவர் சொன்ன முடிவை அன்றே எழுத்தில் அனுப்பி, "சரி" என்ற பதில் வந்தபின்பே வேலையைத் தொடங்குங்கள். மின்வடிவில் இருப்பதாலேயே ஓர் ஒப்புதல் செல்லாமற் போகாது என்பதற்கு 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே முத்திரையிட்ட ஒப்பந்தம் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தத் தேவையில்லை. இனிமேல் வரும் கோரிக்கைகளை வாரத்தில் ஒருநாள் மட்டும் சேர்த்துப் பேசுவதென்றும், கணக்காளர், மகன், முதலாளி என்று மூவரும் கேட்டாலும் முடிவு சொல்பவர் ஒருவரே என்றும் அந்தச் சந்திப்பிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கூடுதல் வேலைக்குத் தனிப் பில் போடுங்கள். கடைசித் தவணை, முதலில் ஒப்புக்கொண்ட பட்டியல் முடிந்தவுடன் தர வேண்டியது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால், பாக்கி வரி சரியாக வரவில்லை என்ற காரணத்துக்காக முழுத் தவணையும் நின்றுவிடும்.