முதலில் அனுப்பிய தேதியை எப்படிச் சொல்வது?

கேள்வி: கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனிக்கு அக்கவுண்ட்ஸ் வேலைக்காக ஜூன் 4-ம் தேதி மெயிலில் விண்ணப்பித்தேன். கடைசி நாள் ஜூன் 10. இப்போது ஆள் எடுக்கும் அதிகாரி மாறிவிட்டார், விண்ணப்பங்களைப் புது முகவரிக்கு அனுப்பவும் என்று அவர்கள் தளத்தில் போட்டிருக்கிறார்கள். இன்று 17. மறுபடி அனுப்பினால் லேட் என்று தள்ளிவிடுவார்களா? முன்பே அனுப்பியதைச் சொன்னால் குறை சொல்வதுபோல் ஆகிவிடாதா? (வாசகி, கொழிஞ்சாம்பாறை)

பதில்: இன்றே அனுப்புங்கள் அம்மா. அதற்கு முன் Sent பகுதியைத் திறந்து தேதியைச் சரிபாருங்கள். நினைவிலிருந்து எழுதி ஒரு நாள் பிசகினாலும், பழைய பெட்டியில் தேடுபவருக்கு உங்கள் மெயில் அகப்படாமல் போகலாம்.

அப்புறம் இன்பாக்ஸிலும் ஸ்பேமிலும் Mail Delivery Subsystem என்ற பெயரில் ஏதாவது வந்திருக்கிறதா பாருங்கள். இந்த மெயில் சேரவில்லை என்று அதில் இருந்தால், அது போய்ச் சேரவே இல்லை. அப்போது "அனுப்பினேன், திரும்பி வந்துவிட்டது" என்றுதான் எழுத வேண்டும். வரவில்லை என்றால் கீழே இருப்பதுபோல எழுதலாம்.

பழைய மெயிலை அப்படியே ஃபார்வர்ட் செய்யாதீர்கள். போய்விட்ட அதிகாரியின் பெயர் போட்ட வணக்கம்தான் புதியவர் கண்ணில் முதலில் படும். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, பட்டியலில் பழைய மெயிலைத் தேர்ந்தெடுத்து, மேலே வரும் மூன்று புள்ளியை அழுத்தினால் Forward as attachment என்று இருக்கும். அதில் பழைய மெயில் தேதியோடு ஓர் இணைப்பாக வந்துவிடும். மேலே நீங்கள் புதிதாக எழுதலாம். அந்த இணைப்பு சிலருக்குத் திறக்காது என்பதால் பயோடேட்டாவைத் தனி பி.டி.எஃப். ஆகவும் சேருங்கள். சப்ஜெக்டில் வேலையின் பெயர், உங்கள் பெயர், "முதலில் அனுப்பியது ஜூன் 4" என்பது போதும்.

விளம்பரம் ஆங்கிலத்தில் இருந்தால் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். விஷயம் இவ்வளவுதான்:

> வணக்கம். அக்கவுண்ட்ஸ் பணிக்கான என் விண்ணப்பத்தை ஜூன் 4 அன்று அப்போதைய முகவரிக்கு அனுப்பியிருந்தேன். தொடர்பு முகவரி மாறியிருப்பதைத் தங்கள் தளத்தில் பார்த்ததால், தங்கள் வசதிக்காக மீண்டும் அனுப்புகிறேன். முதல் மெயிலையும் இணைத்துள்ளேன். அந்தத் தேதியைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

தேதியை ஒரே முறை, காரணத்தோடு சேர்த்துச் சொல்லியிருப்பதைப் பாருங்கள். "இதுவரை பதில் இல்லை" என்ற வரி சேர்ந்தால்தான் அது குறையாகிவிடும். புதிதாக வந்தவருக்கு அதில் பங்கும் இல்லை. ஜூன் 4-க்குப் பிறகு பயோடேட்டாவில் எதையாவது மாற்றியிருந்தால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். இரண்டு இணைப்பும் வேறுபட்டால் எது சரி என்று அவர் குழம்புவார். பழைய முகவரிக்கு நகல் வேண்டாம், ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகலாம்.

கடைசி நாளுக்குப் பின் வந்ததை ஏற்பது அவர்கள் முடிவு. ஆனால் 10-க்கு முன்பே அனுப்பியதற்குச் சான்று கையில் இருந்தால், உங்களுக்காகப் பரிந்து பேச அவருக்கும் ஒரு பிடி கிடைக்கும். நாலைந்து வேலை நாள் பார்த்துவிட்டு, அவர்கள் தளத்திலுள்ள அலுவலக எண்ணுக்கு ஒரு தடவை கூப்பிட்டு, மெயில் கிடைத்ததா என்று மட்டும் கேளுங்கள்.